ஒற்றை மருந்தோடு தனியே விடப்பட்ட கிருமி

கேள்வி: என் அண்ணன் டர்பனில் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிறார். போன வருடம் டி.பி.க்கு மாத்திரை சாப்பிட்டார், நடுவில் வேலை மாறியதால் விட்டு விட்டுத்தான் சாப்பிட்டார். இப்போது ரிஃபாம்பிசின் கேட்காத டி.பி. என்கிறார்கள். சில நாள் மாத்திரையை விட்டால் கிருமி எப்படி இப்படி மாறும்? புது மருந்துகளை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? வீட்டில் 4 வயதுக் குழந்தை இருக்கிறது, பயமாக இருக்கிறது.

பதில்:

நான் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து, குவாசூலு-நட்டாலில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்ப் பிரிவு ஒன்றில் பல ஆண்டுகளாக மருந்தாளராக இருப்பவன். உங்கள் அண்ணனின் கோப்பை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வதைப் போன்ற ஒருவரைத் தொடக்கம் முதல் இறுதிவரை பார்த்திருக்கிறேன். அவரை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். மாத்திரையை விட்டதால் கிருமி ‘பழகிக்கொண்டு’ மாறுவதில்லை. மாறிய கிருமி, முதல் மாத்திரையை வாயில் போடுவதற்கு முன்பே நுரையீரலில் இருக்கிறது. காசநோய்க் கிருமி இரண்டாகப் பிரியும்போதெல்லாம் தன் மரபணுவைப் படியெடுக்கிறது. அதில் எப்போதாவது ஓர் எழுத்துப் பிழை விழும். பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆகாது. சில பிழைகள் மட்டும் ஒரு குறிப்பிட்ட மருந்தைப் பயனற்றதாக்கிவிடும்.

ரிஃபாம்பிசின், கிருமி தன் மரபுத் தகவலைப் படிக்கப் பயன்படுத்தும் நொதியின் ஒரு சின்னக் குழியில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்தும் மருந்து. அந்தக் குழியின் வடிவம் கொஞ்சம் மாறினாலே மருந்தால் உட்கார முடியாது. அப்படி மாறியது ஏறத்தாழ 10 கோடிக் கிருமிகளில் ஒன்று. ஐசோனியாசிட் வேறு மாதிரி. அது உடலுக்குள் போகும்போது செயலற்ற பொருள்தான், கிருமியின் சொந்த நொதி ஒன்றுதான் அதை விஷமாக்குகிறது. அந்த நொதி பழுதாவதற்குப் பல வழிகள் உண்டு. அதனால் ஐசோனியாசிட்டுக்கு அடங்காத கிருமி கொஞ்சம் அதிகம், ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று.

நுரையீரலில் குழி விழுந்த ஒருவருக்கு அந்தக் குழிக்குள் மட்டும் 10 கோடிக் கிருமிகள் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐசோனியாசிட்டுக்கு அடங்காதவை அங்கே சுமார் 100, ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது ஒன்றோ இரண்டோ. இரண்டுக்கும் சேர்த்து அடங்காத ஒன்று இருக்க வேண்டுமானால் 10 லட்சத்தை 10 கோடியால் பெருக்கிய அளவு கிருமி வேண்டும். அவ்வளவு கிருமி எந்த மனித உடலிலும் இருக்காது. ஐசோனியாசிட்டுக்குத் தப்பியதை ரிஃபாம்பிசின் கொல்லும், ரிஃபாம்பிசினுக்குத் தப்பியதை ஐசோனியாசிட் கொல்லும். நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதன் காரணம் இந்தப் பெருக்கல் கணக்குதான். எந்தக் கிருமியும் ஒரே ஒரு மருந்தோடு தனியே இருந்துவிடக் கூடாது.

தனியே விட்டால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டது. 1948இல் முடிவு வெளிவந்த பிரிட்டன் சோதனை ஒன்றில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 6 மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள், பெறாத 52 பேரில் 14 பேர். பெரிய வெற்றி என்றே தோன்றியது. 5 ஆண்டு கழித்துப் பார்த்தபோது ஒரு பக்கம் 32, மறுபக்கம் 35. அடங்காத கிருமி பெருகி, முதலில் கிடைத்த பலனைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டது.

இப்போது நான் சொன்னவரிடம் வருகிறேன். சாட்ஸ்வொர்த்தில் இருந்தவர், வயது நாற்பதை ஒட்டி, எடை 52 கிலோ, சர்க்கரை நோய் உண்டு, சரக்குக் கிடங்கில் இரவு வேலை. இருமலோடு வந்தார். சளியை ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியில் பார்த்தார்கள். காசநோய் உண்டு, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. வழக்கப்படி நாலு மருந்தும் கலந்த மாத்திரை, அவர் எடைக்குத் தினம் 3. இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். இருமல் நின்றது, எடை கூடியது. அடுத்த 4 மாதத்துக்கு ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிட்டும் மட்டும் உள்ள மாத்திரைக்கு மாற்றினார்கள்.

யாருக்கும் தெரியாமல் ஒரு விஷயம் இங்கே ஒளிந்திருந்தது. அந்தச் சாதாரண ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனை ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மட்டும்தான் பார்க்கும். ஐசோனியாசிட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அவருக்கு வந்த கிருமி முதலிலிருந்தே ஐசோனியாசிட்டுக்கு அடங்காதது என்பது பின்னால்தான் தெரிந்தது. முதல் 2 மாதம் மற்ற மூன்று மருந்துகள் இருந்ததால் பாதகமில்லை. மூன்றாம் மாதம் இரண்டு மருந்தானபோது, தாளில் இரண்டு, உண்மையில் ஒன்று. கிருமியும் ரிஃபாம்பிசினும் மட்டும் நேருக்கு நேர்.

அப்போதும் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் கிருமிகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தது. வேலை நேரம் மாறியது. மருந்து வாங்கும் நாளைத் தவறவிட்டார். 3 வாரம் மாத்திரை இல்லை. பிறகு வந்து வாங்கினார், 10 நாள் சாப்பிட்டார், மறுபடி 2 வாரம் இல்லை.

அந்த 3 வாரத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை ஒரு மாதிரிக் கணக்காகச் சொல்கிறேன். நல்ல சூழலில் காசநோய்க் கிருமி சுமார் 20 மணி நேரத்தில் இரட்டிக்கும். உடலுக்குள் மெதுவாக, 2 நாளைக்கு ஒருமுறை என்றே வைத்துக்கொள்வோம். 3 வாரத்தில் 10 முறை இரட்டிக்கும், அதாவது ஆயிரம் மடங்கு. மிச்சமிருந்தது 1 லட்சம் என்றால் இப்போது 10 கோடி. 10 கோடிக்கு ஒன்று ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த ஒன்று பிறந்துவிட்டது. அது பிறந்ததால் மட்டும் ஆபத்தில்லை, 10 கோடிக் கூட்டத்தில் அதற்கு எந்த மேன்மையும் கிடையாது. அவர் திரும்பி வந்து மாத்திரையைப் போட்ட நாளில்தான் அதற்கு வாழ்வு வருகிறது. மற்றவை சாகின்றன, அது மட்டும் பெருகுகிறது. அடுத்த இடைவெளியில் எல்லாம் கலந்து வளர்கின்றன, அடுத்த பத்து நாளில் மீண்டும் சலிக்கப்படுகின்றன. இப்படி இரண்டு மூன்று சுற்றுப் போனால் குழியில் இருப்பது முழுக்க அதன் வம்சம்தான்.

இதைக் கவனமாகப் படித்தால் ஒன்று தெரியும். எதிர்ப்பை உண்டாக்குவது மாத்திரையை நிறுத்துவது மட்டுமல்ல. நாலு மருந்தையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டால் ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிட்டும் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் இரத்தத்திலிருந்து போய்விடும். நோய் திரும்பி வரும், பிறருக்கும் பரவும், உயிருக்கும் ஆபத்து. ஆனால் திரும்பி வருவது பெரும்பாலும் பழைய, மருந்துக்கு அடங்கும் கிருமியாகவே இருக்கும். விடுவதும் தொடங்குவதுமாக இருப்பது, குமட்டல் தருகிறது என்று ஒரு வகை மாத்திரையை மட்டும் ஒதுக்குவது, கடையில் ஒரு மருந்து இல்லை என்று மற்றதை மட்டும் விழுங்குவது, சிலருடைய குடல் ஒரு மருந்தைச் சரியாக உறிஞ்சாமல் போவது, கிருமிக்கு ஏற்கெனவே ஓர் எதிர்ப்பு இருப்பது தெரியாமலிருப்பது, இவை எல்லாமே கிருமியை ஒற்றை மருந்தோடு தனியே விடும் வழிகள். சோதனைக் கூடத்தில் செயற்கை நுரையீரல் போன்ற அமைப்பில் வேளைகளைத் தவறவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்றில், வெறுமனே தவறவிட்டதால் மட்டும் பன்மருந்து எதிர்ப்பு, அதாவது ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் இரண்டுக்கும் சேர்ந்த எதிர்ப்பு, வரவில்லை. மருந்துகளின் இரத்த அளவு ஆளுக்கு ஆள் மாறுவதே அதற்குப் போதுமான காரணமாக இருந்தது. அதனால் உங்கள் அண்ணனிடம் ‘நீதான் கெடுத்துக்கொண்டாய்’ என்று யாரும் சொன்னால் ஏற்க வேண்டாம். எத்தனை நாள் விட்டார் என்பதைவிட, எந்தக் கிருமி முதலில் வந்தது என்பது பல நேரம் முக்கியம்.

நம் மாகாணத்தில் அதற்கு அழுத்தமான சான்று இருக்கிறது. டர்பனிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் துகேலா ஃபெரியில் 2005–06இல் அநேகமாக எந்த மருந்துக்கும் அடங்காத காசநோய் 53 பேருக்குக் கண்டறியப்பட்டது. அவர்களில் 52 பேர் இறந்தார்கள். பாதிப் பேர் சளி எடுத்த நாளிலிருந்து 16 நாளுக்குள் போய்விட்டார்கள். பின்னர் அந்தக் கிருமிக் குடும்பத்தின் மரபணுவைப் படித்தவர்கள் அதன் வரலாற்றைப் பின்னோக்கி எழுதினார்கள். ஐசோனியாசிட்டுக்கான எதிர்ப்பு அதில் விழுந்தது 1950களின் இறுதியில், அந்த மருந்து புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளிலேயே. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு சேர்ந்தது 1984 வாக்கில். மற்றவை 1995 வாக்கில். உலகம் அதைக் கண்டது அதற்கும் 10 ஆண்டு கழித்து. படிப்படியாக ஒவ்வொரு தலைமுறை மருந்தும் அந்த ஒரே வம்சத்தைச் சலித்திருக்கிறது, முதலில் விழுந்தது எப்போதும்போல ஐசோனியாசிட். 2017இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இதே மாகாணத்தில் அந்த வகை நோய் இருந்த 404 பேரை விசாரித்தது. 69 சதவீதம் பேர் அதற்கு முன் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு மருந்தே சாப்பிட்டவர்கள் அல்லர். யாரோ ஒருவரின் உடலில் உருவாகி முடிந்த கிருமி, காற்று வழியாக இவர்களுக்கு வந்திருக்கிறது.

நம்மவர் கதைக்குத் திரும்புகிறேன். சிகிச்சை தொடங்கி 7 மாதம் ஆனபோது இருமல் திரும்பியது. முதலில் தனியார் மருத்துவர் ஒருவரிடம் போனார். அவர் நெஞ்சுச் சளி என்று எண்ணி ஃப்ளூரோகுவினலோன் வகையைச் சேர்ந்த மாத்திரையை ஒரு வாரத்துக்கு எழுதினார். இருமல் கொஞ்சம் குறைந்தது. இந்த இடத்தில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அந்த வகை மருந்து காசநோய்க் கிருமியையும் பாதி கொல்லும். அதனால் நோய் தெரிவது தள்ளிப்போகும், அதோடு இரண்டாம் கட்டச் சிகிச்சையின் முக்கியமான தூண் ஒன்று தனியாக மாட்டிக்கொண்டு ஆட்டம் காணும். காசநோய் வந்து போன ஒருவருக்கு மறுபடி இருமல் என்றால் அந்த மாத்திரையை விழுங்குவதற்கு முன் சளியைக் கொடுக்க வேண்டும். மருத்துவரிடம் “எனக்கு முன்பு டி.பி. இருந்தது” என்று முதல் வாக்கியமாகவே சொல்ல வேண்டும்.

இந்த முறை ஜீன்எக்ஸ்பெர்ட் ரிஃபாம்பிசின் எதிர்ப்பைக் காட்டியது. அன்றே இரண்டாவது சளி வாங்கப்பட்டது. அதில் ஐசோனியாசிட், ஃப்ளூரோகுவினலோன் வகை எதிர்ப்புகளைப் பார்ப்பார்கள், கிருமியை வளர்த்தும் பார்ப்பார்கள்.

இரண்டாம் கட்ட மருந்துகளை எப்படிச் சேர்க்கிறார்கள் என்ற உங்கள் கேள்வி இங்கே வருகிறது. அடிப்படை விதி மேலே சொன்னதேதான், திருப்பிப் போட்டது. தோற்றுப்போன மருந்துக் கூட்டத்தோடு புதிதாக ஒரே ஒரு மருந்தைச் சேர்க்கவே கூடாது. பழையவை வேலை செய்யாதபோது ஒன்றைச் சேர்ப்பது என்பது அந்த ஒன்றைத் தனியாகக் கொடுப்பதுதான், சில மாதத்தில் அதுவும் போய்விடும். ஆகவே பழையதை முழுக்க ஓரம் வைத்துவிட்டு, கிருமி இதுவரை சந்தித்திராத மருந்துகள் மூன்று நான்கை ஒரே நாளில் தொடங்க வேண்டும். ஒவ்வொன்றும் கிருமியை வேறு வேறு இடத்தில் அடிக்க வேண்டும். ஒன்று தோற்றால் மற்றவை மிச்சமிருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் 2023இலிருந்து பெரும்பாலான பெரியவர்களுக்கு இதற்காகக் கொடுப்பது பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினசோலிட், லெவோஃப்ளாக்சசின் என்ற நான்கும், 6 மாதம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்த கூட்டில் லெவோஃப்ளாக்சசினுக்குப் பதில் மாக்சிஃப்ளாக்சசின் இருந்தது. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை நீட்டிக்கும் தன்மை லெவோஃப்ளாக்சசினுக்குக் குறைவு, பெடாகுவிலினுக்கும் அதே குணம் கொஞ்சம் உண்டு. அதனால் இங்கே இதைத் தேர்ந்தார்கள். நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் இதே நோய்க்கு 2 ஆண்டுச் சிகிச்சை, அதில் முதல் 6 மாதம் தினம் கனமைசின் ஊசி. பலருக்குக் காது போய்விடும். ஒரு நோயாளி, மகள் பேசுவது கேட்கவில்லை என்று என் சன்னலில் வந்து கையால் காட்டியது நினைவிருக்கிறது. 2018இல் இந்த நாடு ஊசியை விட்டுவிட்டுப் பெடாகுவிலினுக்கு மாறியது.

நான்கு மருந்தின் வேலையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பெடாகுவிலின் கிருமியின் சக்தி உற்பத்தியை அணைக்கிறது. முதல் 2 வாரம் தினம் 400 மில்லிகிராம், பிறகு வாரம் 3 நாள் 200 மில்லிகிராம், சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் ஏறத்தாழ பாதிதான் உடலில் சேரும். பிரெட்டோமானிட் தினம் 200 மில்லிகிராம், கிருமியின் மேலுறையைக் கட்ட விடாது. லெவோஃப்ளாக்சசின் மரபணுவின் முறுக்கைச் சிக்கலாக்குகிறது. லினசோலிட் தினம் 600 மில்லிகிராம், கிருமி புரதம் செய்வதைத் தடுக்கிறது. அதிக கவலை தருவது இந்தக் கடைசி மருந்து. நம் செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் நுண்ணுறுப்புகளும் புரதத்தைப் பாக்டீரியா முறையிலேயே செய்கின்றன. அதனால் லினசோலிட் நம்மையும் தொடுகிறது. முதன்முதலில் தென்னாப்பிரிக்காவில் 109 பேருக்கு தினம் 1200 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 10 பேரில் 9 பேர் குணமானார்கள், ஆனால் 81 சதவீதம் பேருக்கு நரம்பு பாதித்தது, 48 சதவீதம் பேருக்கு எலும்பு மஜ்ஜை மந்தமானது. பாதி அளவுக்கு இறக்கியதன் காரணம் இதுதான்.

சாட்ஸ்வொர்த்காரரிடம் முதல் நாளில் என்ன பார்த்தார்கள் என்றால், இதயத்தின் ஈ.சி.ஜி., இரத்தத்தில் ஹீமோகுளோபின், கண் பார்வை, கால் உணர்வு. சர்க்கரை நோயால் கால் விரல்களில் ஏற்கெனவே லேசான உணர்வுக் குறைவு இருந்தது. இது எழுதி வைக்க வேண்டிய விஷயம், இல்லாவிட்டால் 3 மாதம் கழித்து எரிச்சல் வரும்போது அது சர்க்கரையாலா லினசோலிடாலா என்று பிரிக்க முடியாது. எச்.ஐ.வி. இருப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எஃபாவிரென்ஸ் என்ற மருந்து பெடாகுவிலினின் அளவைக் குறைத்துவிடும், அதனால் அதை எடுப்பவரை டோலுடெகிராவிர் உள்ள மாத்திரைக்கு மாற்றுவார்கள். இவருக்கு அது தேவைப்படவில்லை.

முடிவு வரும்வரை காத்திருக்காமல் நாலு மருந்தையும் தொடங்கினார்கள். மூன்றாம் வாரம் தாள் வந்தது. ஐசோனியாசிட் எதிர்ப்பு உண்டு, ஃப்ளூரோகுவினலோன் எதிர்ப்பு இல்லை. அந்தத் தனியார் மாத்திரை பாதிப்பு ஏற்படுத்தவில்லை, நல்ல காலம். எதிர்ப்பு இருந்திருந்தால் லெவோஃப்ளாக்சசினை மட்டும் எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் தொடர்ந்திருப்பார்கள். பயனில்லாத மருந்தை வைத்திருப்பதில் பக்க விளைவுதான் மிச்சம். முன்பு பெடாகுவிலினையோ லினசோலிடையோ ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர், மூளையிலோ எலும்பிலோ காசநோய் உள்ளவர், கர்ப்பிணி ஆகியோருக்கு இந்தக் கூட்டு பொருந்தாது. அவர்களுக்குக் குளோஃபாசிமின், டெரிசிடோன், டெலாமானிட் போன்றவற்றிலிருந்து ஆளுக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பார்கள். குறைந்தது நாலு மருந்தாவது வேலை செய்ய வேண்டும், பெடாகுவிலினை நிறுத்திய பின்னும் மூன்று மிச்சமிருக்க வேண்டும் என்பது கணக்கு. நீண்ட சிகிச்சை என்றால் 18 மாதம் வரை போகும்.

அவருக்கு ஐந்தாம் வாரம் ஹீமோகுளோபின் இறங்கியது, ஆனால் நிறுத்தும் அளவுக்கு இல்லை. இரத்தம் குறைவது முதல் இரண்டு மாதத்தில் வரும், கால் நரம்பு பாதிப்பது அதற்குப் பின் மெல்ல வரும். அதனால் முதலில் இரத்தப் பரிசோதனை முக்கியம், பிறகு கால். 13ஆம் வாரம் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வந்தார், பாதம் எரிவதாகவும் சொன்னார். லினசோலிடை 300 மில்லிகிராமாக இறக்கினார்கள். முதல் 9 வாரம் முழு அளவில் எடுத்திருந்ததால் அதைச் செய்ய முடிந்தது. அதற்குள் கிருமிகளில் பெரும்பகுதி அழிந்திருக்கும். யாரையும் கேட்காமல் தானே அந்த மாத்திரையை மட்டும் விட்டிருந்தால் அதைக் குறிப்பில் எழுதியிருக்க முடியாது, மற்ற மருந்துகள் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்க்கவும் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து இவை லெவோஃப்ளாக்சசினைப் பிடித்துக்கொண்டு உடலில் சேர விடாது. இரத்தம் குறைகிறதே என்று வீட்டில் இரும்பு மாத்திரை கொடுத்துவிடுவது நான் அடிக்கடி பார்ப்பது. இரண்டுக்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும்.

நாலாம் மாதக் கல்ச்சரில் கிருமி வளரவில்லை. வளர்ந்திருந்தால் 6 மாதத்தை 9 ஆக்கியிருப்பார்கள். உங்கள் அண்ணனின் சிகிச்சையில் இந்த நாலாம் மாதக் கல்ச்சர் முடிவைக் கேட்டு வாங்குங்கள். ஜீன்எக்ஸ்பெர்ட் முடிவைக் கொண்டு அதை ஈடு செய்ய முடியாது, ஏனென்றால் அந்தக் கருவி செத்த கிருமியின் மரபணுவையும் காட்டிவிடும்.

இந்தச் சிகிச்சையில் ஒரு விஷயம், மேலே சொன்ன அதே தர்க்கம், முதல் சிகிச்சையைவிடக் கூர்மையாகத் திரும்பி வருகிறது. பெடாகுவிலின் உடலை விட்டு மிக மெதுவாகப் போகும். இறுதிக் கட்டத்தில் அதன் அளவு பாதியாவதற்கு 5 மாதத்துக்கு மேல் ஆகும். லினசோலிட் சில மணி நேரத்தில் பாதியாகும், லெவோஃப்ளாக்சசினும் அப்படியே, பிரெட்டோமானிட் ஒரு நாளுக்குள். ஒருவர் பத்தாம் வாரம் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டால், 4 நாள் கழித்து அவர் உடலில் இருப்பது பெடாகுவிலின் மட்டும். அடுத்த பல மாதம், குறைந்துகொண்டே போகும் அளவில், மிச்சமிருக்கும் கிருமியோடு அது தனியாக இருக்கும். முதல் கட்ட மருந்துகளில் எல்லாம் சேர்ந்து போய்விடும் என்று சொன்னேனே, அந்தப் பாதுகாப்பு இங்கே இல்லை. இங்கே முழுக்க நிறுத்துவதுகூடச் சல்லடையாகிவிடும். பெடாகுவிலினுக்கு எதிர்ப்பு வந்தால் பெரும்பாலும் குளோஃபாசிமினும் சேர்ந்து போகும். ஜீன்எக்ஸ்பெர்ட்டில் அது தெரியாது, பெரும்பாலும் கிருமியை வளர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள், அதற்குப் பல வாரம் ஆகும்.

அதனால் அண்ணனுக்கு ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் தொடரலாம், கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் வீட்டில் இருக்கும் மிச்ச மாத்திரையைத் தானாகத் தொடங்கக் கூடாது. எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வந்து, எது எத்தனை நாள் விட்டது என்பதை மறைக்காமல் சொல்லட்டும். எங்களுக்குக் கோபம் வராது, கணக்கு வேண்டும். வாந்தி, எரிச்சல், பார்வை மங்கல் எதுவானாலும் ஒரு மருந்தை மட்டும் ஒதுக்காமல் அன்றே வரட்டும். மறுபடி இரவு வேலை என்றால் முன்கூட்டியே சொல்லட்டும், மருந்து வாங்கும் நேரத்தை மாற்றலாம்.

குழந்தையைப் பற்றி. முதலில் குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்: எடை கூடுகிறதா, இருமலோ காய்ச்சலோ உண்டா, நெஞ்சு எக்ஸ்ரே எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். சின்னக் குழந்தைகள் சளியைத் துப்புவது அபூர்வம், அதனால் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தால் போதும் என்று விட்டுவிட முடியாது. நோய் இல்லை என்றால், வழக்கமாகக் கொடுக்கும் ஐசோனியாசிட் தடுப்பு மருந்தை இங்கே நம்ப முடியாது, அண்ணனின் கிருமி அதற்கு அடங்காததாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடமும் வியட்நாமில் பெரியவர்களிடமும் நடந்த சோதனைகளை வைத்து, 2024இல் உலக சுகாதார நிறுவனம் 6 மாதம் தினமும் லெவோஃப்ளாக்சசின் கொடுக்கப் பரிந்துரைத்தது. அண்ணனின் கிருமி லெவோஃப்ளாக்சசினுக்கு அடங்கும் என்று தாளில் வந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. ஆகவே அந்தத் தாள் வந்த உடனே அதன் பிரதியைக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தடுப்பு மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குழந்தையை அடுத்த 2 ஆண்டுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்கச் சொல்லுங்கள், தொற்றிய குழந்தைகளில் நோயாக மாறுவது பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்தான்.